100 பேருக்கு ஒரு ரேட், 300 பேருக்கு ஒரு ரேட்... கேட்டரிங்கில் 'இலைக் கணக்கு' எப்படிப் போடப்படுகிறது?

"அக்கா கல்யாணத்துக்கு 300 பேர். இலைக்கு 300 ரூபாய்னு பேசி முடிச்சோம். இப்போ அதே மெனு, அதே மாஸ்டர், வளைகாப்புக்கு 100 பேர்தான். இலைக்கு 450 கேக்குறார். தெரிஞ்ச ஆள்னு தலையில மிளகாய் அரைக்கிறாரா?"

விசேஷம் நடத்திய பல வீடுகளில் இந்தப் பேச்சு வந்திருக்கும். சமையல் கான்ட்ராக்டரிடம் கேட்டால், "சின்ன ஆர்டர் கட்டுப்படி ஆகாதுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். ஏன் கட்டுப்படி ஆகாது, எவ்வளவு ஆகாது என்று கேட்டால் அவரிடமும் பல நேரம் கணக்கு இருக்காது. கஸ்டமர் போய்விடுவாரோ என்ற பயத்தில் அதே 300-க்கு ஒப்புக்கொள்கிறவர்களும் உண்டு. வருஷம் முழுக்க ஓடி ஓடி வேலை பார்த்தும் கையில் காசு நிற்கவில்லையே என்று புலம்புகிறவர்களில் பலர் இவர்கள்தான்.

ஒரு இலைச் சாப்பாட்டின் அடக்க விலை எப்படி வருகிறது, ஆள் கூடினால் அது எவ்வளவு குறைகிறது, எந்த இடத்தில் குறையாமல் திடீரென ஏறுகிறது? ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

இதற்காக, ஈரோடு மாதிரி ஒரு நகரத்தில் சொந்தமாகச் சமையல் கூடம் வைத்திருக்கும் நடுத்தர கேட்டரிங் தொழிலை எடுத்துக்கொள்வோம். வடை, பாயசத்துடன் மதிய சைவச் சாப்பாடு. கீழே வரும் தொகைகள் எல்லாம் கணக்குப் புரிவதற்காக வைத்துக்கொண்ட எண்கள். ஊருக்கு ஊர், சீசனுக்கு சீசன் இவை மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

அடுப்பே பற்றவைக்காவிட்டாலும் போகும் காசு

முதலில் சமையல் கூடத்தின் செலவு. ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் மாதம் பிறந்தால் இது போய்க்கொண்டே இருக்கும். நம் உதாரணத்தில் கூடத்துக்கு வாடகை 25,000 ரூபாய். ஆர்டர் பிடிக்கும் மேனேஜர், கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆள் என இரண்டு பேர் சம்பளம் 32,000. கரண்ட், தண்ணீர் 6,000. உணவுப் பாதுகாப்பு உரிமம், காப்பீடு, கணக்கர், போன் எல்லாம் சேர்த்து 4,000. கடன் வட்டி 8,000.

இதோடு நிறையப் பேர் விட்டுவிடும் ஒரு செலவு இருக்கிறது. அண்டா, குண்டான், வடைச்சட்டி, கிரைண்டர், அடுப்பு, பரிமாறும் வாளிகள் என 9 லட்சம் ரூபாய்க்குச் சாமான் வாங்கிப் போட்டிருக்கிறார். ஐந்து வருஷம் உழைக்கும் என்று வைத்தால் மாதம் 15,000 ரூபாய் தேய்மானம். இந்தப் பணம் இன்றைக்குக் கையை விட்டுப் போகாது. அதனாலேயே கணக்கில் வராது. ஐந்தாம் வருஷம் கிரைண்டர் மோட்டார் போகும்போதுதான் தெரியும், அதற்கு எடுத்துவைத்த காசு எதுவுமே இல்லை என்று.

எல்லாம் கூட்டினால் மாதம் 90,000. வருஷத்துக்கு 10 லட்சத்து 80 ஆயிரம்.

இதை மாதக் கணக்காக வைத்து ஆர்டருக்குப் பங்கிடக் கூடாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அந்த மாதத்தில் இரண்டே ஆர்டர் வந்தால், ஒவ்வொன்றின் தலையிலும் 45,000 விழும். தை, வைகாசியில் 14 ஆர்டர் வந்தால் ஒன்றுக்கு 6,500 கூட வராது. இரண்டு எண்ணுமே தப்பான பாதையைக் காட்டும். முகூர்த்த மாதங்கள்தான் மற்ற மாதங்களுக்கும் சேர்த்துச் சம்பாதிக்க வேண்டும் என்பதால் கணக்கை வருஷத்துக்குத்தான் போட வேண்டும்.

40 ரூபாய் என்ற பொறி

நம் ஆளுக்கு வருஷத்துக்கு 90 ஆர்டர் வருகிறது. சராசரியாக ஆர்டருக்கு 300 இலை. ஆக, மொத்தம் 27,000 இலை. 10,80,000 ரூபாயை 27,000 இலையால் வகுத்தால், ஒரு இலைக்கு 40 ரூபாய் கூடச் செலவு வருகிறது. "சரி, எந்த ஆர்டர் வந்தாலும் இலைக்கு 40 ரூபாய் சேர்த்துடுவோம்" என்று அவர் முடிவு செய்கிறார்.

கணக்கு சரியாகத்தான் தெரிகிறது. தப்பு எங்கே என்றால், கூடத்தைப் பிடித்துக்கொள்வது இலை கிடையாது, நாள். 100 பேர் வளைகாப்பாக இருந்தாலும் 300 பேர் கல்யாணமாக இருந்தாலும் அன்றைக்குக் கூடம், பாத்திரம், மேனேஜர் எல்லாம் அந்த ஒரு ஆர்டருக்கே போய்விடும். ஒரே நாளில் இரண்டு இடத்தில் சமைக்கும் அளவுக்கு ஆள்பலம் உள்ள பெரிய நிறுவனங்கள் கதை வேறு. நம் ஆளால் அது முடியாது.

எனவே 10,80,000-ஐ 90 ஆர்டரால் வகுக்க வேண்டும். ஆர்டருக்கு 12,000 ரூபாய். 40 ரூபாய் கணக்கில் போனால் 100 இலை ஆர்டரில் இருந்து கூடச் செலவுக்குக் கிடைப்பது வெறும் 4,000. மீதி 8,000 எங்கேயோ துண்டு விழுகிறது. 800 இலை ஆர்டரில் 32,000 ஏற்றிவிடுவார். அந்தக் கஸ்டமருக்கு விலை அநியாயமாகத் தெரியும், பக்கத்து கான்ட்ராக்டரிடம் போய்விடுவார்.

ஒரு ஆர்டருக்கென்றே வரும் செலவு

அடுத்தது, ஆர்டர் உறுதியானதும் ஆரம்பிக்கும் செலவு. மாஸ்டர் கூலி 5,000. அவர் 100 பேருக்குச் சமைத்தாலும் 300 பேருக்குச் சமைத்தாலும் ராத்திரி 2 மணிக்கு எழுந்துதான் ஆக வேண்டும். வேன் போக வர 4,000. பாத்திரம் ஏற்றி இறக்கும் கூலி 2,000. காய் நறுக்க, அரைக்க, வடை போட உதவியாளர்கள், ஆளுக்கு 1,500. 100 பேருக்கு இரண்டு உதவியாளர் போதும், 300 பேருக்கு நான்கு வேண்டும்.

பந்தி பரிமாறும் சப்ளையர்களுக்கு ஆளுக்கு 800 என்று வைப்போம். 100 பேருக்கு ஆறு பேர், 300 பேருக்கு 12 பேர். கவனியுங்கள்: விருந்தினர் மூன்று மடங்கு ஆனாலும் பரிமாறும் ஆள் இரண்டு மடங்குதான் ஆகிறது. அதே ஆட்கள் அடுத்தடுத்த பந்திகளையும் பார்த்துக்கொள்வார்கள். சின்ன விசேஷத்திலும் சாதத்துக்கு ஒருவர், சாம்பாருக்கு ஒருவர், பொரியல் கூட்டுக்கு, அப்பளத்துக்கு, இலை எடுக்க என்று குறைந்தபட்ச ஆள் நின்றே ஆக வேண்டும்.

கடைசியாக, இலைக்கு இலை வரும் செலவு. அரிசி, பருப்பு, எண்ணெய், மளிகை 62 ரூபாய். காய்கறி 22. பால், தயிர், நெய் 18. வாழை இலை, தண்ணீர் பாட்டில், மேசைப் பேப்பர் 16. கேஸ் 12. மொத்தம் 130 ரூபாய். இது மட்டும்தான் ஆள் எண்ணிக்கையோடு நேராக ஏறி இறங்கும்.

கேஸ் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரை இந்தத் தொழிலில் பயன்படுத்தக் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும். வீட்டு சிலிண்டர் விலையை மனதில் வைத்து ரேட் போட்டவர்கள் இந்த வரியிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

இப்போது கூட்டிப் பார்ப்போம்

100 இலை: பொருள் செலவு 13,000. மாஸ்டர், உதவியாளர், வேன், ஏற்று இறக்கு 14,000. சப்ளையர் 4,800. கூடத்தின் பங்கு 12,000. மொத்தம் 43,800 ரூபாய். இலைக்கு 438.

300 இலை: பொருள் செலவு 39,000. மாஸ்டர் முதல் வேன் வரை 17,000. சப்ளையர் 9,600. கூடத்தின் பங்கு அதே 12,000. மொத்தம் 77,600. இலைக்கு சுமார் 259.

அந்த வளைகாப்பு வீட்டுக்கு வருவோம். அவர்களிடம் கேட்டது 450. அடக்கமே 438. இலைக்கு 12 ரூபாய்தான் லாபம், மொத்தத்தில் 1,200. மிளகாய் அரைக்கவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். கல்யாணத்தில் 300 ரூபாய் ரேட்டில் அவருக்கு 12,400 நின்றது. அதே 300-க்கு வளைகாப்பையும் செய்திருந்தால் 13,800 கையை விட்டுப் போயிருக்கும். கல்யாணத்தில் வந்த லாபத்தை அப்படியே விழுங்கி, மேலும் கொஞ்சம் கேட்டிருக்கும்.

800 இலைக்குப் போனால் என்ன ஆகும்? பொருள் செலவு 1,04,000. இரண்டு மாஸ்டர், ஒன்பது உதவியாளர், இரண்டு வேன், இரட்டிப்பு ஏற்றுக் கூலி சேர்த்து 35,500. 26 சப்ளையர்களுக்கு 20,800. கூடத்துக்கு 12,000. மொத்தம் 1,72,300, இலைக்கு சுமார் 215.

100-லிருந்து 300 போகும்போது இலைக்கு 179 ரூபாய் குறைந்தது. 300-லிருந்து 800 போகும்போது 44 ரூபாய்தான் குறைகிறது. "ஆயிரம் பேர் வர்றாங்க, பாதி ரேட்டுக்குக் குடுங்க" என்று பேரம் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 130 ரூபாய் பொருள் செலவும் ஆள் கூலியும் எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் கரையாது. அதற்குக் கீழே ஒருவர் ரேட் சொன்னால் நெய் டால்டாவாகிறது, அல்லது இரண்டாவது தடவை பொரியல் கேட்கும்போது ஆள் அந்தப் பக்கமே வருவதில்லை.

800 பேர் சமையலில் இன்னொன்று. முதல் நாளே கூடத்தில் வேலை ஆரம்பித்து, அதனால் முதல் நாளுக்கு வந்த வேறு ஆர்டரை விட நேர்ந்தால், கூடத்தின் பங்கு ஒரு நாள் 12,000 இல்லை, இரண்டு நாள் 24,000. அப்போது இலைக்கு 230 ஆகிவிடும். பெரிய ஆர்டர் என்ற சந்தோஷத்தில் இதை விட்டுவிடுவது சகஜம்.

"ஒரு 50 பேர் சேர்த்துக்கோங்க"

ஆள் கூடினால் இலை விலை குறையும் என்று பார்த்தோம். எப்போதுமே குறையாது. நம் உதாரணத்தில் ஒரு மாஸ்டர், ஒரு வேன் என்பது 400 இலை வரை தாங்கும். 400 இலைக்கு மொத்தச் செலவு 94,500, இலைக்கு 236 ரூபாய்.

விசேஷத்துக்கு நான்கு நாள் முன்னால் போன் வருகிறது. "ஒரு 50 பேர் கூடுதலா வர்றாங்க, சேர்த்துக்கோங்க." 450 ஆகிறது. இப்போது இரண்டாவது மாஸ்டர் 5,000. இரண்டாவது வேன் 4,000. ஏற்றுக் கூலி கூடுதலாக 2,000. ஒரு உதவியாளர், ஒரு சப்ளையர் கூட. பொருள் 6,500. மொத்தச் செலவு 1,14,300 ஆகிறது. இலைக்கு 254. ஆள் கூடியும் அடக்க விலை 18 ரூபாய் ஏறிவிட்டது!

கூட வந்த அந்த 50 இலைக்கு மட்டும் ஆன செலவு 19,800. அதாவது ஒவ்வொன்றும் 396 ரூபாய். வாங்கப் போவது 300. 400 இலையோடு நின்றிருந்தால் லாபம் 25,500. 450 செய்ததால் லாபம் 20,700. அதிக வேலை செய்து குறைவாகச் சம்பாதிக்கிறார்.

அனுபவம் உள்ளவர்கள் இந்த இடத்தில் இரண்டாவது மாஸ்டரைக் கூப்பிடாமல், நன்றாகத் தெரிந்த ஒரு உதவியாளரை அதிகக் கூலிக்கு வைத்துச் சமாளிப்பார்கள். இனிப்பை முதல் நாளே கூடத்தில் செய்து எடுத்துப்போவார்கள். வேனுக்குப் பதில் சற்றுப் பெரிய வண்டி பிடிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் இந்தப் படி எந்த எண்ணில் வருகிறது என்பது வேறுபடும். உங்களுக்கு அது 250-ஆ, 400-ஆ, 600-ஆ என்பதைப் பழைய ஆர்டர் நோட்டைப் புரட்டினாலே கண்டுபிடித்துவிடலாம். எந்த எண்ணைத் தாண்டியபோது இரண்டாவது வண்டி வாடகை எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

எல்லாருக்கும் ஒரே ரேட் என்றால்?

"நம்ம ரேட் இலைக்கு 300, யாரா இருந்தாலும் அதான்" என்று போர்டு வைத்தால் நேர்மையாகத் தெரியும். நடக்கப் போவது என்ன? 800 பேர் கல்யாணம் வைத்திருப்பவருக்கு வெளியே 260-க்குச் செய்ய ஆள் கிடைப்பார், அவர் அங்கே போய்விடுவார். 100 பேர் விசேஷக்காரருக்கு வெளியே எல்லாரும் 450 சொல்ல, நீங்கள் மட்டும் 300. அவர் உங்களிடம் வருவார், தெரிந்தவர்களுக்கும் சொல்வார். கொஞ்ச நாளில் ஆர்டர் நோட்டு நிறைந்திருக்கும். எல்லாம் நிச்சயதார்த்தம், காதுகுத்து, பிறந்தநாள். ஒவ்வொன்றிலும் நஷ்டம்.

'நாள் எல்லாம் புக் ஆயிடுச்சு, காசுதான் நிக்கல' என்ற நிலைமையைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ரேட்டை இரண்டாக உடைப்பது. நம் உதாரணத்தில் 100 முதல் 400 இலை வரையிலான செலவைக் கணக்கிட்டால், அது ஏறக்குறைய 27,000 ரூபாய் அடிப்படைச் செலவு, அதற்கு மேல் இலைக்கு 170 ரூபாய் என்று வருகிறது. 100 பேர் என்றால் 44,000. 200 பேர் என்றால் 61,000. நோட்டே தேவையில்லை, போனில் பேசும்போதே மனக்கணக்கில் சொல்லிவிடலாம். லாபத்தை இதன் மேல் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கஸ்டமரிடமும் இப்படியே பேசலாம். "மாஸ்டர், வண்டி, பாத்திரம் எல்லாம் கிளம்பி வர்றதுக்கே இவ்வளவு ஆகுதுங்க. அதுக்கு மேல இலைக்கு இவ்வளவு." இலைக்கு 450 என்று கேட்டதும் வரும் அதிர்ச்சி இதில் வராது. மெனுவில் ஒரு பொரியலைக் குறைத்தால் 450-லிருந்து நூறு ரூபாய் குறையும் என்று எதிர்பார்க்கிறவருக்கும், பொரியலைக் குறைத்தால் பத்துப் பன்னிரண்டு ரூபாய்தான் குறையும், பெரிய செலவு வேறு இடத்தில் இருக்கிறது என்று புரியும்.

உண்மையிலேயே குறைக்க வேண்டுமென்றால் குறைக்க வேண்டியது பயணத்தை. சமையலைக் கூடத்திலேயே முடித்து, ஹாட் பாக்ஸில் வைத்துச் சின்ன வண்டியில் அனுப்பி, வீட்டாரே பரிமாறிக்கொள்வது. வேன், ஏற்றுக் கூலி, சப்ளையர் செலவில் பெரும்பகுதி போய்விடும். சாதமும் சாம்பாரும் இதில் தாங்கும். வடை, அப்பளம் தாங்காது. மூடிய பாத்திரத்தில் ஒரு மணி நேரத்தில் வடை நமுத்துவிடும், அதனால் இந்த மாதிரி ஆர்டருக்கு மெனுவையே மாற்றிப் பேசுவது நல்லது.

சின்ன ஆர்டரை எப்போது குறைத்துக் கொடுக்கலாம்?

இவ்வளவு சொன்ன பிறகும், 438 அடக்கம் உள்ள 100 இலை ஆர்டரை 350-க்கு எடுப்பது சில நாளில் சரியான முடிவு. ஆடி மாதம், புதன்கிழமை, வேறு ஆர்டர் வர வாய்ப்பே இல்லை. கூடத்தின் 12,000 எப்படியும் போகத்தான் போகிறது. புதிதாகக் கையை விட்டுப் போவது பொருள், ஆள், வண்டி சேர்த்து 31,800 மட்டும், அதாவது இலைக்கு 318. 350-க்கு எடுத்தால் 3,200 ரூபாய் வாடகைக்கு உதவும். விட்டுவிட்டால் அதுவும் இல்லை. 318-க்குக் கீழே இறங்கினால் மட்டும் வீட்டில் தூங்குவது மேல்.

வைகாசி முகூர்த்த ஞாயிற்றுக்கிழமைக்கு இதே ஆர்டர் வந்தால் கணக்கு தலைகீழ். அன்றைக்கு 300 பேர் கல்யாணம் எப்படியும் வரும் என்று அனுபவம் சொல்கிறது. அதை 300 ரூபாய்க்குச் செய்தால் நேரடிச் செலவு 65,600 போக 24,400 மிஞ்சும். 100 இலை ஆர்டரிலும் அதே 24,400 மிஞ்ச வேண்டுமென்றால் இலைக்கு 562 வாங்க வேண்டும். யாரும் தர மாட்டார்கள். எனவே அந்த நாளை அட்வான்ஸ் வாங்காமல் நிறுத்திவைப்பதே சரி. பெரிய ஆர்டர் வராமலே போய்விட்டால்? அந்தப் பந்தயம் இந்தத் தொழிலில் உண்டு. சிலர் முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்பு வரை பார்த்துவிட்டு, அதன் பிறகு சின்ன ஆர்டருக்குச் சம்மதிக்கிறார்கள்.

ஆடியில் 350-க்குச் செய்து கொடுத்ததை அவர் ஊரெல்லாம் சொல்லி, தை மாதத்திலும் அதே ரேட்டைக் கேட்டு வருவார்கள் என்பது தனிச் சிக்கல். பில்லில் 450 என்று எழுதி, 'ஆடித் தள்ளுபடி 100' என்று தனியாகக் காட்டுவது இதற்கு ஓரளவு உதவும்.

ஜி.எஸ்.டி. எங்கே வருகிறது?

மண்டபத்துக்கும் வீட்டுக்கும் வந்து செய்து தரும் கேட்டரிங்குக்குப் பொதுவாக 5 சதவீத ஜி.எஸ்.டி. இதைக் கஸ்டமரிடம் தனியாக வாங்கிக் கட்டிவிடலாம். ஆனால் இந்த 5 சதவீத முறையில், நீங்கள் சிலிண்டருக்கும் கூட வாடகைக்கும் பாத்திரத்துக்கும் கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்ள முடியாது. எனவே அந்த வரியெல்லாம் உங்கள் செலவுதான். அடக்க விலை போடும்போது வரிக்கு முந்தைய விலையை எழுதாமல், பில்லின் கடைசி வரியில் உள்ள தொகையை எழுத வேண்டும்.

300 சொல்லி 220 வந்தால்?

இவ்வளவு கணக்கையும் ஒரே நாளில் கவிழ்ப்பது இதுதான். 300 பேர் என்று சொன்னார்கள். மழை, அல்லது அதே நாளில் ஊரில் இன்னொரு கல்யாணம், 220 பேர்தான் வந்தார்கள். சாப்பாடு 300 பேருக்குச் சமைத்தாயிற்று. "சாப்பிட்ட இலைக்குத்தானே காசு" என்று கல்யாண வீட்டார் சொன்னால் கிடைப்பது 66,000. செலவு 77,600. நல்ல லாபமான ஆர்டர் 11,600 நஷ்டத்தில் முடிகிறது. மிஞ்சிய இலைக்கட்டும் தண்ணீர் பாட்டிலும் சில நூறு ரூபாய்க்குத் திரும்பலாம், சமைத்தது திரும்பாது.

அட்வான்ஸ் வாங்கும்போதே குறைந்தபட்ச எண்ணிக்கையை எழுதி வாங்கினால் இதைத் தடுக்கலாம். சொன்னதில் 90 சதவீதம், அதாவது 270 இலைக்குக் கட்டாயம் பணம் என்று எழுதினால் 81,000 உறுதி. லாபம் குறையும், நஷ்டம் வராது. 270-க்கு மேல் வந்தால் வந்த எண்ணிக்கைக்கு. 300-க்கும் மேலே எத்தனை பேருக்கு உத்தரவாதமாகப் பரிமாற முடியும் என்பதையும் அதே தாளில் எழுதுவது நல்லது. பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டம் வந்தால் கடைசிப் பந்திக்குப் பாயசம் இருக்காது என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

இலையை யார் எண்ணுவது என்பதில்தான் கடைசிச் சண்டை நடக்கும். கட்டுப் பிரிக்கும் முன் இரு தரப்பும் சேர்ந்து எத்தனை கட்டு, கட்டுக்கு எத்தனை இலை என்று எண்ணி எழுதி, விசேஷம் முடிந்ததும் மீதியை எண்ணிக் கழிப்பது வழக்கம். கிழிந்த இலை, ஊழியர்கள் சாப்பிட்ட இலை, மாப்பிள்ளை வீட்டு டிரைவர்கள் சாப்பிட்ட இலை இதில் சேருமா என்பதை அட்வான்ஸ் வாங்கும் அன்றே பேசிவிடுங்கள். மூன்றாம் பந்தி முடிந்து எல்லாரும் களைத்து நிற்கும்போது அதைப் பேச முடியாது.